நூறு முடிச்சில் தெரியும் மூடாக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் அறுத்த நிலத்தில் அடுத்த ஆண்டு சோயா விதைப்பார்கள். முழுக்க உழுது தட்டையைப் புதைத்துவிட்டால் மழைத்துளி நேரே மண்ணில் அறைந்து, சரிவில் மேல்மண்ணைக் கொண்டுபோய்விடும். அதனால் உழவைக் குறைத்து, தட்டையும் சருகும் மேலேயே கிடக்க விடுகிறார்கள். விதைத்து முடித்த பிறகும் நிலப்பரப்பில் 30 சதவீதமாவது மூடியிருந்தால்தான் அது மண்காப்பு உழவு. அந்த அளவு மூடாக்கு இருந்தாலே, வெறும் நிலத்தோடு பார்க்க மண் அரிப்பு பாதியளவாவது குறையும்.

30 சதவீதம் இருக்கிறதா என்று வரப்பில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. சாய்வாகப் பார்க்கும்போது ஒரு தட்டைக்குப் பின்னால் இன்னொன்று தெரியும். இடையிலுள்ள வெறும் மண் மறைந்துவிடும். கண் எப்போதும் கூட்டித்தான் சொல்லும்.

அதற்குத்தான் கயிறு. 50 அடிக் கயிற்றில் அரை அடிக்கு ஒன்றாக 100 முடிச்சு. அதை விதைச்சாலுக்குக் குறுக்காக, 45 பாகைச் சாய்வில் இழுத்துக் கட்ட வேண்டும். சாலோடு ஒட்டிப் போட்டால், விதைக்கும் கருவி சுத்தமாகத் தள்ளிவிட்ட பட்டையிலோ, சருகு ஒதுங்கிய பட்டையிலோ கயிறு முழுவதும் விழுந்துவிடும். இரண்டும் பொய்க்கணக்கு.

பிறகு ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர் மேலே நின்று குனிந்து பார்க்க வேண்டும். முடிச்சின் ஒரே பக்க விளிம்பை மட்டும் கடைசிவரை பார்ப்பது முறை. அந்த விளிம்புக்கு நேர் கீழே தட்டை இருந்தால் ஒன்று; பக்கத்தில் கிடந்தால் இல்லை. சுமார் இரண்டரை மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்கைச் சேர்ப்பதில்லை, மழைத்துளியை அது தாங்காது. சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே நல்லது. 100 முடிச்சில் எத்தனை தேறியதோ, அதுவே சதவீதம்.

ஒரு வயலில் ஐந்து இடத்தில் அளந்ததாக வைத்துக்கொள்வோம்: 34, 27, 41, 30, 28. கூட்டினால் 160, சராசரி 32. முதலில் வந்த 34-ஐ மட்டும் நம்பினாலும் தேறியிருக்கும், இரண்டாவதை மட்டும் நம்பினால் தோற்றிருக்கும். ஓரிடத்து அளவு அவ்வளவு ஆடும். வண்டி திரும்பும் வயல் ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே தள்ளி அளக்க வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் உழவு இரட்டிப்பாக விழுந்திருக்கும்.

கயிறு பரப்பைத்தான் அளக்கிறது, எடையை அல்ல. ஒரு விரற்கடை குவிந்த சருகும் ஒற்றைத் தாளும் அதற்கு ஒன்றே. ஐந்து இடம் அளந்த பிறகும் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம். ஆகவே 32 என்பது தேர்ச்சி அல்ல, எல்லைக்கோடு. அங்கே இன்னும் நாலைந்து இடங்களில் கயிறு கட்டிப் பார்த்துவிட்டே முடிவு சொல்லுங்கள்.