ஸ்டென்ட் வைத்தவர் எப்போது வண்டி ஓட்டலாம்?

ஒரே நாளில் இருவருக்கு மாரடைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காரில் அலுவலகம் போய்வருபவர், மற்றவர் லாரி ஓட்டுநர். இருவருக்கும் உடனே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. பிரிட்டனில் உரிமம் வழங்கும் டி.வி.எல்.ஏ. விதிப்படி, முதல்வர் ஒரு வாரத்தில் கார் ஓட்டலாம். லாரிக்காரர் குறைந்தது ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அதன்பின் உடற்பயிற்சிச் சோதனையிலும் தேற வேண்டும். நோய் ஒன்று, சிகிச்சை ஒன்று, காத்திருப்பு மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

"நெஞ்சு வலித்தால் ஓரங்கட்டிவிடுவேன்" என்று பலர் சொல்வார்கள். வலி வந்தால் அது முடியும். மருத்துவர்கள் அஞ்சுவது வலியை அல்ல. மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிறது. அந்தத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் தடம் மாறினால், கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். மூளைக்கு ரத்தம் போகாமல் சில நொடிகளில் நினைவு தப்பும். ஓரங்கட்ட நேரம் இருக்காது. இந்த ஆபத்து மாரடைப்புக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் மிக அதிகம், பிறகு படிப்படியாகக் குறையும்.

அதனால்தான் அந்த ஒரு வாரச் சலுகைக்கும் நிபந்தனைகள் உண்டு. அடைப்பு வெற்றிகரமாக நீங்கியிருக்க வேண்டும். அவசரமாக இன்னொரு அடைப்பைச் சரிசெய்யும் திட்டம் இருக்கக் கூடாது. எக்கோவில் இதயத்தின் 'பம்பிங்' 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இவை பொருந்தாவிட்டால் காருக்கே நான்கு வாரம்.

கார், லாரி வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவின் இதய மருத்துவர் சங்கம் வகுத்தது அது. நான்கு எண்களைப் பெருக்குகிறார்கள்: ஆண்டில் எவ்வளவு பங்கு நேரம் ஓட்டுகிறார், என்ன வண்டி, ஓராண்டில் நினைவு தப்பும் வாய்ப்பு எவ்வளவு, அப்படித் தப்பினால் அது மற்றவர்களுக்குக் காயமோ மரணமோ விளைவிக்கும் வாய்ப்பு எவ்வளவு. கடைசி எண்ணை 2 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

லாரி ஓட்டுநர் தன் நேரத்தில் கால் பங்கை ஸ்டியரிங்கின் முன் கழிக்கிறார். கனரக வண்டியின் ஆபத்து மதிப்பு 1. அவர் ஓராண்டில் மயங்கும் வாய்ப்பு 1 சதவீதம் என்றால், 0.25 × 1 × 0.01 × 0.02 = 0.00005. அதாவது இப்படிப்பட்ட ஒரு லட்சம் ஓட்டுநர்களில் ஓராண்டில் ஐந்து பேரால் பிறருக்குத் தீங்கு. சமூகம் பொறுத்துக்கொள்ளக்கூடிய எல்லை என்று அவர்கள் வைத்தது இதைத்தான்.

கார்க்காரருக்கு ஓட்டும் நேரம் 4 சதவீதம், அதாவது நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். காரின் மதிப்பு 0.28. இதே ஐந்து பேர் எல்லையை அவர் எட்ட, ஆண்டுக்கு 22 சதவீதம் மயங்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். கார்க்காரரிடம் விதி தளர்வாக இருப்பது இதனால்தான். அந்த 2 சதவீதம் பழைய விபத்துப் பதிவுகளிலிருந்து எடுத்த மதிப்பீடு. பாதசாரியும் சைக்கிளும் நெருக்கியடிக்கும் நம் சாலைகளில் அது இன்னும் குறையும் என்று நான் நம்பவில்லை. இங்கே கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பதே நியாயம்.

மார்பில் ஐ.சி.டி. கருவி பொருத்தியவர்களின் நிலை வேறு. இந்தக் கருவி தாறுமாறான துடிப்பு வராமல் தடுப்பதில்லை, வந்தபின் ஷாக் கொடுத்து நிறுத்துகிறது. துடிப்பைக் கண்டுபிடித்து, மின்னேற்றிக்கொண்டு, ஷாக் தர அதற்குச் சில நொடிகள் ஆகும். பத்து நொடி என்றே வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதற்குள் 160 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். உயிர் பிழைத்துவிடலாம், ஆனால் அத்தனை தூரம் வண்டியை யாரும் ஓட்டவில்லை.

ஒரு ஷாக் வந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பு தொடர்ந்து வரும் மாதங்களில்தான் கூடுதல். ஆகவே பிரிட்டனில் ஷாக்குக்குப் பின் ஆறு மாதம் கார் ஓட்டத் தடை. ஷாக்கின்போது நினைவும் தப்பியிருந்தால் அது இரண்டு ஆண்டுவரை நீளலாம். லாரி, பஸ் ஓட்டுவதற்கோ ஐ.சி.டி. பொருத்தினாலே நிரந்தரத் தடை. சில நேரம் மின்கம்பி பழுதாலோ மேலறைப் படபடப்பாலோ தேவையில்லாத ஷாக் வரும். கருவியில் பதிந்திருக்கும் துடிப்புப் பதிவைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். காரணத்தைச் சரிசெய்தபின் ஒரு மாதம் போதும்.

நம் ஊரில் ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல், திடீர் மயக்கமோ தலைச்சுற்றலோ வருமா என்று கேட்கிறார்கள். அதை உண்மையாக நிரப்புங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, "எந்த வண்டியை, எந்தத் தேதியிலிருந்து ஓட்டலாம்?" என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கருவி ஷாக் கொடுத்தால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், அதைப் பரிசோதித்து மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். மருத்துவமனைக்கும் வேறொருவர் ஓட்டித்தான் போக வேண்டும்.