ரூபாய் ஏறியது, உற்பத்தி இறங்கியது

இலங்கையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கு விசித்திரமானது. அன்றன்றைய விலையில் கணக்கிட்ட மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டின் சுமார் 17.6 லட்சம் கோடி ரூபாயிலிருந்து 24 லட்சம் கோடியைத் தாண்டியது. ஏறக்குறைய 37 சதவீத உயர்வு! பெட்ரோலுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது.

அதே உற்பத்தியை 2015ஆம் ஆண்டின் விலையில் மதிப்பிட்டபோது குட்டு உடைந்தது. முதலில் வெளியான கணக்கின்படி 7.8 சதவீதச் சரிவு. அதாவது 100ஆக இருந்த உற்பத்தி உண்மையில் 92 ஆகியிருந்தது. ரூபாய்க் கணக்கில் மட்டும் 137. முன்னதால் பின்னதை வகுத்தால் சுமார் 1.49. உள்நாட்டில் உற்பத்தியான பொருள்கள், சேவைகளின் விலை ஒரே ஆண்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. "வளர்ச்சி இத்தனை சதவீதம்" என்று எங்காவது படித்தால், எந்த ஆண்டின் விலையில் என்று பாருங்கள்.