புது வேலை ரெடி... பழைய ஆபீஸ் சீக்கிரம் விடுமா? நோட்டீஸ் பீரியடைக் குறைக்கக் கேட்பது எப்படி?

புது கம்பெனி 'ஒரு மாதத்தில் வந்து சேருங்கள்' என்கிறது. பழைய கம்பெனியின் நியமனக் கடிதமோ 60 நாள் நோட்டீஸ் என்கிறது. லால்குடியிலிருந்து தினமும் ரயிலேறி திருச்சிக்கு வேலைக்குப் போகும் பலருக்கும், சென்னையிலோ கோவையிலோ நல்ல வாய்ப்பு வரும்போது எழும் முதல் சிக்கல் இதுதான்.

'முன்கூட்டியே விடுவியுங்கள், வேலையை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போகிறேன்' என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் எந்தத் தேதியைக் கேட்கிறோம் என்பதில்தான் பதில் இருக்கிறது.

ஒரு கற்பனை உதாரணம். லால்குடிப் பெண் ஒருவர், திருச்சியில் உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனத்தில் அக்கவுன்டன்ட். ஜூன் 3-ம் தேதி ராஜினாமா கொடுக்கிறார். அன்றிலிருந்து எண்ணினால் 60 நாள் ஆகஸ்ட் 1-ல் முடியும். புது நிறுவனம் ஜூலை 7-ல் சேரச் சொல்கிறது.

'ஜூலை 4-ல் விடுங்கள்' என்று அவர் கேட்டால் முதலாளி மறுக்கவே வாய்ப்பு அதிகம். காரணம் கோபம் அல்ல, காலண்டர். ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டும். இவற்றுக்கு நடுவே அக்கவுன்டன்ட் கிளம்பினால், தாமதக் கட்டணம் முதலாளி தலையில் விழும்.

அதனால் அவர் முதலில் புது நிறுவனத்திடம் பேசி, சேரும் நாளை ஜூலை 14-க்குத் தள்ளிவைக்கிறார். பிறகு பழைய முதலாளியிடம் ஜூலை 12-ல் விடுவிக்கக் கேட்கிறார். இந்த ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. ஜூன் மாதம் 7, 11, 20 தேதி வேலைகளை அவர் செய்ய, அடுத்து பொறுப்பேற்பவர் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். ஜூலை 7, 11 தேதி வேலைகளைப் புதியவர் செய்ய, இவர் பார்க்கலாம். ஒரு சுற்று பார்ப்பது, ஒரு சுற்று செய்வது. ஒப்படைப்பு என்பது இதுதான். கடைசி நாளில் ஃபைல்களை மேஜையில் வைத்துவிட்டுப் போவது அல்ல. மிச்சம் இருப்பது ஜூலை 20 வேலை மட்டும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

'ஐயா, ஜூன் 3-ல் ராஜினாமா கொடுத்துள்ளேன். ஜூலை 11 ஜி.எஸ்.டி. தாக்கல் முடிந்ததும், ஜூலை 12 அன்று என்னை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் முடிக்கும் வேலைகளின் பட்டியலை இணைத்துள்ளேன். ஜூலை 20 வரை மாலை 7 முதல் 8 மணி வரை போனில் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறேன். குறையும் நாட்களை விடுப்பிலும் சம்பளத்திலும் கழித்துக்கொள்ளச் சம்மதம்.'

போன் உதவிக்கு முடிவுத் தேதி போட்டிருப்பதைக் கவனியுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்' என்ற வாக்குறுதியைப் புது வேலையில் இருந்துகொண்டு காப்பாற்ற முடியாது.

பட்டியலில் மறந்துபோகும் ஒன்று, ஓ.டி.பி. ஜி.எஸ்.டி. தளத்தில் நிறுவனத்துக்காக ஊழியரின் சொந்த மொபைல் நம்பரைப் பதிவு செய்திருந்தால், அவர் போன பிறகும் ஓ.டி.பி. அவருக்கே வரும். கிளம்பும் முன்பே அதை மாற்றிவிட வேண்டும்.

இனி பணம். ஜூலை 12 வரை 40 நாள் ஆகிறது. குறைவது 20 நாள். கையிருப்பில் உள்ள 8 நாள் விடுப்பைக் கழிக்க நிறுவனம் சம்மதித்தால், மீதி 12 நாள். அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் என்றால் நாளுக்கு 600 வீதம் 7,200 ரூபாய் பிடிப்பார்கள். மொத்தச் சம்பளமான 30,000-ல் கணக்கிட்டால் 12,000 ரூபாய். எதன்படி என்பதை நியமனக் கடிதம்தான் சொல்லும். இப்படிப் பிடிக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3-ல் மத்திய மறைமுக வரிகள் வாரியம் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. சில புது நிறுவனங்கள் இந்தத் தொகையை ஏற்றுக்கொள்வதுண்டு; சேரும் முன்பே கேட்டுவிடலாம்.

முதலாளி மறுத்தால்? நியமனக் கடிதத்தை மறுபடி படியுங்கள். 'நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்' என்றிருந்தால், பணம் கட்டி விலகும் வழி உங்களுக்கு இருக்கிறது. 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்றிருந்தால் அவர் சம்மதம் தேவை. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலையில் வைத்திருக்க நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது. ஆனால் ஒப்பந்தத்தை மீறியதற்கு நிறுவனம் இழப்பீடு கேட்கலாம். சொல்லாமல் நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் இழுபறியாகும். புது நிறுவனம் முதலில் கேட்பதே அதைத்தான்.

'சரிம்மா, போயிட்டு வா' என்ற வாய்வார்த்தையோடு நிறுத்திவிட வேண்டாம். விடுவிக்கும் தேதி, கழிக்கும் நாட்கள், பிடிக்கும் தொகை மூன்றும் மெயிலில் வந்த பிறகு புது நிறுவனத்துக்குச் சேரும் தேதியை உறுதி செய்யுங்கள். அதேபோல, புது வேலைக்கான ஆஃபர் எழுத்தில் வரும் வரை ராஜினாமாவைக் கொடுக்காதீர்கள்.