தேதி கேட்டோம், பதில் இல்லை

கல்லூரியில் இலக்கிய மன்ற விழா நடத்தியவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். சிறப்பு விருந்தினரிடம் போனில் பேசியாகிவிட்டது. "தேதியை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று அவரும் அன்பாகத்தான் சொன்னார். அனுப்பினோம். நீல டிக் விழுந்தது. பிறகு பேச்சே இல்லை. இங்கே அரங்கம் பிடிக்க வேண்டும், முதல்வரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். மறுபடி கேட்டால் பெரியவர் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கத்திலேயே ஒரு வாரம் ஓடிவிடுகிறது.

கேட்பதில் தப்பே இல்லை. கேட்காமல் இருந்துவிட்டு, கடைசி நாளில் பதறிப்போய் ஐந்து முறை போன் அடிப்பதுதான் மரியாதைக் குறைவு.

முதலில் அந்த நீல டிக்கை மறந்துவிடுங்கள். செய்தி திரையில் திறந்தது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. வேறொரு கூட்டத்தின் மேடையில் உட்கார்ந்திருக்கும்போது திறந்திருக்கலாம். டைரி வீட்டில் இருக்கும். வீட்டுக்குப் போவதற்குள் முப்பது செய்திகள் மேலே ஏறி, நம்முடையது கீழே போயிருக்கும். படித்ததைக் காட்டாதபடி அமைத்து வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் படித்தாலும் டிக் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். கவனிக்க வேண்டியது ஒற்றை டிக்கை மட்டும்தான். ஒரு நாள் கழித்தும் ஒற்றை டிக்காகவே இருந்தால் செய்தி அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே காத்திருப்பதில் பொருளில்லை, நேராக அழைத்துவிட வேண்டியதுதான்.

எத்தனை நாள் பொறுக்கலாம்? செய்தி அனுப்பிய நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். நாம் முடிவெடுத்தே ஆக வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். விழா பிப்ரவரி 20 வெள்ளி அல்லது 24 செவ்வாய் என்று வைத்துக்கொள்வோம். அழைப்பிதழ் 9ஆம் தேதி திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அப்படியானால் 7ஆம் தேதி சனிக்கிழமைக்குள் பதில் தெரிந்தாக வேண்டும். அவர் வர இயலாது என்றால் இன்னொருவரைக் கேட்க நமக்கு இரண்டு நாளாவது வேண்டும். எனவே நமது உண்மையான கெடு 5ஆம் தேதி வியாழன். முதல் செய்தி ஜனவரி 28 புதன்கிழமை போனது என்றால், நடுவில் ஒரு ஞாயிறை விட்டு, பிப்ரவரி 2 திங்கள் முற்பகலில் முதல் நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் வியாழனன்று போன். இரண்டே முறைதான். விழாவுக்கு இரண்டு மாதம் இருந்தால் இதே இடைவெளியைத் தாராளமாக ஒரு வாரம், பத்து நாள் என்று நீட்டலாம்.

நேரமும் முக்கியம். இரவு பத்து மணிக்கு மேல் வரும் செய்தியைப் படித்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவார்கள். காலையில் அது படித்த செய்திகளோடு கலந்துபோகும். நல்ல நேரம் பார்க்கும் பெரியவரென்றால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். சம்மதம் கேட்க அந்த நேரத்தில் அழைக்காதீர்கள். நமக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை.

இனி, என்ன எழுதுவது. "ஐயா, மெசேஜ் பார்த்தீர்களா?" என்ற வரியைத்தான் பெரும்பாலோர் அனுப்புகிறார்கள். அதற்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. அதைவிட, அவருக்கு அதில் ஒரு வேலையும் இருக்கிறது: மேலே தள்ளிப் போய்ப் பழைய செய்தியைத் தேட வேண்டும். வெறும் கேள்விக்குறி, கைகூப்பிய படம், பழைய செய்தியையே இன்னொரு முறை அனுப்புவது எல்லாம் இதே வகைதான்.

பதில் ஏன் வரவில்லை என்பது பெரும்பாலும் நம் முதல் செய்தியிலேயே தெரியும். "பிப்ரவரி மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் தங்களுக்கு வசதியான நாளைச் சொல்லவும்" என்று எழுதியிருப்போம். மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குப் பதில் சொல்ல அவர் இரண்டு வாரத்தின் எல்லா நாளையும் பார்க்க வேண்டும், வீட்டில் கல்யாணம் காட்சி உண்டா என்று கேட்க வேண்டும். வெளியூர்க்காரர் என்றால் ரயில் டிக்கெட் கிடைக்குமா, ஒரே நாளில் திரும்ப முடியுமா, தங்க ஏற்பாடு உண்டா என்ற யோசனைகள் வேறு. முன்பதிவு 60 நாள் முன்பே தொடங்கிவிடுவதால் வெள்ளிக்கிழமை இரவு வண்டிகளில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். நினைவூட்டல் அந்தச் சுமையை இறக்கி வைக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"ஐயா வணக்கம். எங்கள் கல்லூரி இலக்கிய மன்ற விழா தொடர்பாக எழுதுகிறேன். பிப்ரவரி 24 செவ்வாய், காலை 11 மணிக்குத் தங்கள் உரை, ஒரு மணி நேரம். முதல் நாள் இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறோம், தங்க அறையும் உண்டு. மாலை வண்டியில் திரும்பிவிடலாம். அழைப்பிதழ் 9ஆம் தேதி அச்சுக்குப் போவதால், வியாழக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும். இம்முறை தோதுப்படாவிட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள் ஐயா, அடுத்த பருவத்தில் வைத்துக்கொள்கிறோம்."

பழைய செய்தியைத் தேடாமலே எல்லாம் இதில் கிடைக்கிறது. "சரி" என்று ஒரு சொல்லில் பதில் போடலாம். கெடுவுக்குக் காரணம் அச்சகம்; நம்முடைய அவசரம் அல்ல. கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். நம் ஊரில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. பதிலில்லாமல் இருப்பதே பல நேரம் அந்த "முடியாது". சொல்வதற்கு நாமே வாசலைத் திறந்து வைத்தால் அது வியாழனன்றே தெரிந்துவிடும், இல்லாவிட்டால் விழாவுக்கு முதல் நாள் தெரியும்.

வியாழனன்று போனில் பேசும்போது "நான்கு நாளாகக் காத்திருக்கிறோம்" என்று தொடங்க வேண்டாம். "ஐயா, இரண்டு நிமிடம் பேசலாமா?" என்று கேட்டுவிட்டு நேராகத் தேதிக்கு வாருங்கள். எடுக்கவில்லையென்றால் மீண்டும் மீண்டும் அழைக்காமல், "24ஆம் தேதி பற்றி அழைத்தேன் ஐயா, மாலை ஆறு மணிக்கு மறுபடி அழைக்கிறேன்" என்று ஒரு வரி. அவருக்கு நெருங்கியவர் மூலம் சொல்லி அனுப்புவதை அதற்கு முன் செய்யக்கூடாது. புகார் போனதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பெயரை அச்சிடுவது. ஆசிரியர் கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது "மறுப்பு வராவிட்டால் மூன்று மணி" என்று போடுவது சரி. அழைக்கப்படுபவரிடம் அது செல்லாது. அங்கே கெடு கடந்தால் நாம்தான் விலக வேண்டும்: "ஐயா, தங்களுக்கு வேலை அதிகம் என்று புரிகிறது. இம்முறை வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம், விழாவுக்குப் பார்வையாளராக வந்தாலும் மகிழ்வோம்." குத்தல் ஒரு சொல்லும் வேண்டாம். இந்தச் செய்திக்குச் சில நேரம் அரை மணியில் பதில் வந்துவிடும். அதற்குள் அடுத்தவரிடம் பேசிவிட்டிருந்தால் அதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

அழைக்கப்படும் இடத்தில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இன்று முடிவு சொல்ல முடியாவிட்டால் "சனிக்கிழமை சொல்கிறேன்" என்றாவது ஒரு வரி அனுப்புங்கள். சனிக்கிழமை வரை காத்திருக்க எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.