குட்டைக் கட்டமே அளவுகோல்

நமது மாதிரி மளிகைக் கடையின் கல்லாவையும் பற்று நோட்டையும் சென்ற வாரமே புரட்டிவிட்டோம். தினம் ரூ.12,000 வியாபாரம், வெளியே நிற்கும் பாக்கி ரூ.85,000. இந்த இரண்டு எண்கள் போதும், மேலே போகலாம்.

இந்த வாரம் அந்தக் கடைக்கு ஒரே ஒரு ஸ்வாட் ஸ்லைடு வரைய வேண்டும். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டங்கள். நான்கிலும் சம எண்ணிக்கையில் சின்னச் சின்னச் சொற்றொடர்கள். வரையத் தொடங்கும் முன் ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் என் வாதம் முழுவதும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. டெரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் என்ற இருவர் பிரிட்டனில் ஸ்வாட் போட்டுப் பார்த்த 20 நிறுவனங்களை ஆராய்ந்து, 1997இல் ‘லாங் ரேஞ்ச் பிளானிங்’ இதழில் எழுதினார்கள். பழுதான காரைத் தயாரிப்பாளர் திரும்பப் பெறுவதுபோல, ஸ்வாட்டையும் திரும்பப் பெறும் நேரம் வந்துவிட்டது என்பதுதான் அவர்கள் வைத்த தலைப்பு. ஒரு நிறுவனத்தின் பட்டியலில் சராசரியாக 40க்கும் மேற்பட்ட வரிகள். எது பெரிது, எது சிறிது என்ற வரிசை இல்லை. எந்த வரியையும் யாரும் சரிபார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இதுதான்: இத்தனை பாடுபட்டு எழுதிய பட்டியலை, அடுத்த கட்டத் திட்டமிடலில் ஒருவர்கூடக் கையில் எடுக்கவில்லை. ஆலோசகர்களும் மேலாளர்களும் உள்ள நிறுவனங்களின் கதியே இது. தராசுக்கும் கல்லாவுக்கும் நடுவில் நின்றபடி பார்க்கப்போகும் கடைக்காரருக்கு 40 வரி எதற்கு?

ஆகவே வரிகளைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதற்குத்தான் சமநிலை உதவுகிறது. பலரும் சமநிலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பலத்தில் ஆறு வரி வந்துவிட்டால், வாய்ப்பிலும் ஆறு வேண்டுமே என்று ‘ஆன்லைன் வளர்ச்சி’, ‘புதிய வாடிக்கையாளர்கள்’ என எந்தக் கடைக்கும் பொருந்துகிற சொற்களைப் போட்டு நிரப்புகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். நான்கில் எந்தக் கட்டம் குட்டையோ, அதுவே மற்ற மூன்றுக்கும் அளவு. நம் கடைக்கு உண்மையான வாய்ப்புகள் இரண்டுதான்: பின்தெரு அடுக்குமாடியில் ஆவணியில் குடியேறும் 60 வீடுகள், எதிரே வரவிருக்கும் பஸ் நிறுத்தம். ‘வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்’ என்பது வாய்ப்பு ஆகாது. அது கடைக்காரர் எடுக்க வேண்டிய முடிவு. ஆக, கட்டத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு வரி.

பலவீனம் நிஜமாகவே ஐந்து இருந்தால் மூன்றை மறைப்பது பொய்யில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சம எண்ணிக்கை என்றால் சம எடை என்று யாரும் படித்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் கனமானது மேலே வர வேண்டும், விடுபட்டவை பின்தாளில் இருக்க வேண்டும். எந்த வகையிலும் விட முடியாத மூன்றாவது ஒன்று வந்தால், அது ஸ்லைடுக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் காலாவதியாகிவிட்டது என்றால், அதை எழுதிவைத்து யோசிக்க ஒன்றுமில்லை, இந்த வாரமே போய்ப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. பற்றுக் கணக்கு பலமா, பலவீனமா? கடன் கொடுப்பதால்தான் வீடுகள் வேறு கடைக்குப் போகாமல் இருக்கின்றன, அதே கடனில்தான் ஏழு நாள் வியாபாரத்துக்குச் சமமான பணமும் முடங்கிக் கிடக்கிறது. இரண்டு கட்டத்திலும் ‘கடன்’ என்று எழுதினால் இரண்டுமே எதையும் சொல்லாது. நோட்டைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு வேறு உண்மைகள் இருக்கின்றன. ‘மாதாமாதம் அடைக்கும் 40 வீடுகள்’ என்பது பலம். ‘மூன்று மாதம் தாண்டிய பாக்கி ரூ.22,000’ என்பது பலவீனம். ஒரு சொல் இரண்டு கட்டத்துக்கும் ஓடுகிறது என்றால், அது இன்னும் உடைக்கப்படாத சொல்.

உள்ளே, வெளியே என்ற குழப்பத்துக்கு ஒரு கேள்வி போதும்: இதே இடத்தில் வேறொருவர் கடை வைத்தாலும் இது அவருக்கும் இருக்குமா? பஜாரில் திறக்கும் சூப்பர் மார்க்கெட் அவருக்கும் இருக்கும், அதனால் அது ஆபத்து. மார்ச்சில் முடியும் வாடகை ஒப்பந்தம் நம் கடைக்காரர் கையெழுத்துப் போட்டது, ஆகவே பலவீனம். அந்தத் தெரு முழுக்க வாடகை ஏறுவது மறுபடியும் ஆபத்து. பலருடைய ஸ்லைடில் இவை இரண்டும் ஒரே வரியாகக் கிடக்கின்றன.

இந்த எட்டு வரிகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டு முடிவெடுக்கும் முறையை ஹைன்ஸ் வைரிக் 1982இல் எழுதினார். அதை இந்த வாரமே சொல்வதாக இருந்தேன், இடம் தீர்ந்துவிட்டது. அந்த 40 வீடுகளையும் ஆவணியில் வரும் 60 வீடுகளையும் அடுத்த வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.