வாலில் தொடங்கித் தலைக்கு!

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். சிவகாசி அச்சகங்களுக்கோ அப்போதுதான் தலைக்குமேல் வேலை! ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் எல்லாம் ஆடியில்தான் அச்சேறும். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளும் வந்துவிடும். 2025 ஆடியின் கடைசி வாரம், அப்படியோர் அச்சகத்துக்குள் நடக்கும் கதை இது. முன்பக்கத்து மேஜையில் தங்க முலாம் மின்னும் மாதிரிக் கார்டுகளைத் தாண்டி நேராகப் பின்கட்டுக்கு வாருங்கள். வேடிக்கை அங்கேதான்!

ஆஃப்செட் எந்திரத்தின் தடதடப்பு சுவரைத் தாண்டி வருகிறது. கம்ப்யூட்டர் முன்னால் ஓர் இளம் டிசைனர், வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பக்கத்து ஸ்டூலில் தாத்தா. ஈய எழுத்துக் காலத்துக் கம்பாசிட்டர்! அறை அறையாகப் பிரித்த கேஸிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கியவர். ஈய எழுத்து இடவலம் மாறித்தான் வார்க்கப்பட்டிருக்கும். அதைத் தலைகீழாகப் பிடித்து, இடமிருந்து வலமாகவே வாசித்துக்கொண்டு கோப்பார்கள். காகிதத்தில் நேராக விழப்போகும் வரியை இவர் பல ஆண்டுகள் கவிழ்ந்த வடிவில்தான் படித்திருக்கிறார். அந்தக் கண்ணுக்கு இன்று என்ன வேலை என்று பார்க்கத்தானே வந்திருக்கிறோம்!

மேஜையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

"மூணு தடவை பார்த்துட்டேன் தாத்தா. பிளேட்டுக்கு அனுப்பிரவா?"

"எங்கேருந்து பார்த்தே பாப்பா?"

"மேலேருந்துதான்."

"அப்போ இன்னும் பார்க்கலை."

திரையை அணைக்கச் சொல்கிறார். புரூஃபைப் பெரிதாக்கிக் காகிதத்தில் எடுக்க வேண்டும். பெண்வீட்டார் கைப்பட எழுதிக் கொடுத்த காகிதம், அதாவது காப்பி, இடப்பக்கம். புரூஃப் வலப்பக்கம். கையில் சிவப்புப் பென்சில், ஒரு ஸ்கேல். ஸ்கேலைக் கடைசி வரிக்கு மேலே வைத்து, மேலே உள்ளதையெல்லாம் மறைத்தாகிவிட்டது. இனிக் கடைசிச் சொல்லிலிருந்து வலமிருந்து இடமாக, ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி வர வேண்டும். சொல்லை வாய்விட்டுச் சொல்லி, அதன் தலையில் ஒரு புள்ளி வைத்த பிறகே அடுத்தது. பெயர் வந்தால் எழுத்தெழுத்தாக. எண் வந்தால் நின்று, காப்பியோடு ஒப்பிட்டு, அப்புறம்தான் நகர வேண்டும்.

"வேண்டுகிறோம்." புள்ளி. "சிறப்பிக்க." புள்ளி. "வாழ்த்தி." புள்ளி. "மணமக்களை." கேட்கக் கேட்கச் சிரிப்பு வருகிறது, ஏதோ மந்திரத்தைப் பின்னாலிருந்து ஓதுவதுபோல! ஆனால் கவனித்தீர்களா? இப்படி வரும்போது எந்தச் சொல்லும் அடுத்த சொல்லை முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. முன்னோக்கிப் படிக்கையில் நம் கண் வரியின் மேல் தாவித் தாவித்தான் போகிறது. இடையில் இருப்பதை மனம் நிரப்பிக்கொள்கிறது. கல்யாணப் பத்திரிகையின் வாசகமோ நமக்கெல்லாம் மனப்பாடம். 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கினாலே மிச்சம் தானாக வந்துவிடும். தெரிந்த வாசகத்தில்தான் பிழை சுகமாக ஒளிந்துகொள்ளும்.

இப்போது எண்கள். "மணிக்குள். 12.00. மேல். மணிக்கு. 10.30. காலை. வெள்ளிக்கிழமை." புள்ளி வைக்கப்போன கையைத் தாத்தா பிடித்துக்கொள்கிறார்.

"வெள்ளிக்கிழமை பத்தரையிலேருந்து பன்னிரண்டு என்ன நேரம் பாப்பா?"

அவள் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்க்கிறாள். ராகு காலம்! தாலி கட்டும் நேரத்தை ராகு காலத்தில் வைத்து ஆயிரம் பத்திரிகை அச்சடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள், எனக்கு எழுதும்போதே படபடக்கிறது!

எப்படி வந்தது இது? போன ஆண்டு வியாழக்கிழமை முகூர்த்தம் ஒன்றுக்குச் செய்த கோப்பைத் திறந்து, அதன்மேலேயே புது மேட்டரை அடித்திருக்கிறாள். வியாழனுக்கு அந்த நேரம் பொருந்தும், ராகு காலம் அன்று 1.30-க்குத்தான். தேதியையும் கிழமையையும் மாற்றியவள் நேரத்தை மாற்றாமல் விட்டுவிட்டாள். மாறாமல் நின்றவை எண்கள் என்பதால், எழுத்துப் பிழை திருத்தும் எந்த மென்பொருளும் இதைப் பிடித்திருக்காது.

"9.00 டு 10.30-ன்னு மாத்திரவா தாத்தா? வெள்ளிக்கிழமை அதானே வைப்பாங்க?"

"காப்பியைப் பாரு. நமக்குத் தெரிஞ்சதை நாம போடக் கூடாது."

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விடை தாத்தாவுக்குத் தெரியும், ஆனாலும் காப்பியில் விரல் வைத்துக் காட்டுகிறார். 9.00 முதல் 10.30 என்றுதான் அங்கே இருக்கிறது. காப்பியிலேயே தவறு இருந்திருந்தால், வீட்டாருக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார்.

பின்னோக்கிய பயணம் தொடர்கிறது. 29.8.2025, வெள்ளி, சரி. ஆவணி 13, நாட்காட்டியோடு ஒத்துப்போகிறது. "வருடம்." புள்ளி. "விசுவாசு." அவளே நிறுத்திவிட்டாள்! "தாத்தா, ஒரு 'வ' காணோம்!" விசுவாவசு வருடம். மூன்று முறை மேலிருந்து படித்தபோதும் வழுக்கிக்கொண்டு போன எழுத்து, தனியாக நின்ற சொல்லில் பளிச்சென்று தெரிகிறது.

ஆனால் தாத்தா இத்தோடு விடவில்லை. இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதுவும் தமிழில் கூடுதல் பெரிது. ஒற்று இரண்டு சொற்களுக்கு நடுவில் நிற்கிறது. வரப்போகும் சொல் எதில் தொடங்குகிறது என்று பார்க்காமல், வல்லினம் மிகுமா என்று சொல்ல முடியாது. தனியாகப் பார்த்தால் 'வாழ்த்தி' சரியான சொல், 'திருமணத்திற்கு'வும் சரியான சொல். அதனால்தான் இரண்டுக்கும் புள்ளி விழுந்தது. விட்டுப்போன சொல்லும், எழுவாயோடு சேராத வினையும்கூடப் பின்னோக்கிப் பார்த்தால் அகப்படாது.

ஆகவே இரண்டாவது சுற்று, இப்போது மேலிருந்து கீழே. காப்பியைத் தாத்தா உரக்க வாசிக்க, அவள் புரூஃபில் விரல் ஓட்டுகிறாள். 'திருமணத்திற்கு சுற்றமும்' என்ற இடத்தில் நிறுத்தி ஒரு ச், 'வாழ்த்தி சிறப்பிக்க' என்ற இடத்தில் இன்னொரு ச். சிவப்புக் கோடு ஓரத்துக்கு இழுக்கப்படுகிறது.

கடைசியாக ஒரு வித்தை! புரூஃபை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைக்கிறார். கம்பாசிட்டர் புத்தி! படிக்க முடியாத எழுத்து வெறும் வடிவமாகிவிடுகிறது. சொல்லிடைவெளி எங்கே அகலம், எங்கே நெருக்கம், எந்த வரி நடுவிலிருந்து விலகியிருக்கிறது என்று அவள் கண்ணுக்கே தெரிகிறது. மண்டபத்தின் பெயரில் மட்டும் வேறொரு எழுத்துரு கலந்திருந்ததையும் இப்படித்தான் கண்டுபிடித்தாள்.

திருத்திய புரூஃப் பெண்வீட்டாரின் கையெழுத்துக்குப் போகிறது. பிறகு நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட். எழுத்து முழுக்கக் கறுப்பில் இருப்பதால், இனி ஏதாவது மாற்றம் வந்தாலும் கறுப்புப் பிளேட்டை மட்டும் மறுபடி போட்டால் போதும். ஆனால் அச்சு ஓடிவிட்டால் காகிதம் திரும்பி வராது.

அடுத்த வேலை ஒரு பாத்திரக் கடைத் திறப்பு விழா அழைப்பிதழ். தாத்தா டீ குடிக்க எழுந்திருக்கிறார். அவள் ஸ்கேலை எடுத்துக் கடைசி வரிக்கு மேல் வைக்கிறாள், கைபேசி எண்ணை வலப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாகப் புள்ளி வைத்துக்கொண்டே வருகிறாள்.

"தாத்தா! ஒன்பது இலக்கம்தான் இருக்கு!"

"காப்பியில எத்தனை?"

"பத்து!"

"அப்போ எந்த இலக்கம் விழுந்துச்சுன்னு நீயே பார்த்துப் போடு. நான் வரும்போது உனக்கும் ஒரு டீ வாங்கிட்டு வாரேன்."