டி.வி.யை ஒட்டி உட்கார்ந்தால் கண் கெடுமா?

“தள்ளி உட்காரு, கண்ணு கெட்டுடும்!” பல வீடுகளில் தினமும் கேட்கிற அதட்டல் இது. ஆனால் டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்வதால் கண் பழுதாவதில்லை. மங்கலான வெளிச்சத்தில் படித்தாலும் அப்படித்தான். கண் களைத்துப்போகும், தலை வலிக்கும், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டியது வேறு. குழந்தை எப்போதும் டி.வி.யை நெருங்கியே போகிறதென்றால், தூரத்தில் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். அது கிட்டப்பார்வை. சுவர் காலண்டரை எட்டி நின்று, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடி. கண்ணை இடுக்கிப் பார்த்தாலோ, கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாலோ கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தெரிகிறது என்று குழந்தை சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு மங்கலே பழகியிருக்கும்.

கிட்டப்பார்வை வருவதைக் குறைப்பது பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில், முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அப்படி விடாத பள்ளிகளில் வந்தது சுமார் 40 பேருக்கு.